12 நிமிடத்தில் முடிந்த நேர்காணல்

காலண்டரில் 45 நிமிடம் என்று போட்டிருந்த டெக்னிக்கல் ரவுண்ட், 12 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. "எச்ஆர் உங்களிடம் பேசுவார்" என்று சொல்லிவிட்டு பேனல்காரர் வீடியோவை அணைக்கிறார். சென்னையில் ஐந்தாண்டு அனுபவமுள்ள ஒரு ஜாவா டெவலப்பருக்கு இப்படி நடந்தது என்று வைத்துக்கொள்வோம். தேறினாரா, தேறவில்லையா?

நிமிடக் கணக்கை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நேர்காணல் செய்பவர் முதல் நான்கு நிமிடத்திலேயே முடிவெடுத்துவிடுவார் என்றொரு பேச்சு நெடுங்காலமாக உலவுகிறது. அதன் வேர், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1950களில் நடந்த மிகச் சிறிய ஆய்வு. 2016இல் வெளியான ஆய்வு ஒன்று 600க்கும் மேற்பட்ட நேர்காணல்களைப் பார்த்தது. பெரும்பாலான முடிவுகள் முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகுதான் எடுக்கப்பட்டிருந்தன. ஆனாலும் கால் மணி நேரத்துக்குள் பலர் முடிவுக்கு வந்திருந்தார்கள். ஆக, 12 நிமிடம் என்பது ஒருவரை வேண்டாம் என்று சொல்லவும் போதும், எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லவும் போதும்.

துப்பு வேறு இடத்தில் இருக்கிறது: எது கேட்கப்படாமல் விடுபட்டது என்பதில். எல்லோருக்கும் ஒரே ஐந்தாறு கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் முறை பல நிறுவனங்களில் உண்டு. அங்கே சுருக்கமாகப் பதில் சொல்கிறவருக்கு ரவுண்ட் சீக்கிரம் முடிவது இயல்பு. அதற்கு மாறாக, "காஃப்காவில் வேலை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டு, "இல்லை" என்றதும் பேச்சு தளர்ந்து, கோடிங் பகுதியே வராமல் முடிந்திருந்தால், அந்த வேலைக்கு அதுவே கட்டாயத் தகுதியாக இருந்திருக்கலாம். மூன்றாவது ஒரு வகையும் உண்டு: பேனல்காரருக்கு அடுத்த மீட்டிங் இருந்திருக்கும். இதில் விண்ணப்பித்தவருக்குச் சம்பந்தமே இல்லை, பாவம்!

இவற்றில் எது நடந்தது என்பதை ரெக்ரூட்டரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அவர் அந்த ரவுண்டில் பெரும்பாலும் உட்கார்ந்திருக்க மாட்டார். பேனல் எழுதிப் போடும் ஃபீட்பேக்கைத்தான் அவர் பார்க்கிறார்; அது வர ஓரிரு நாள் ஆகலாம். அன்று மாலையே போன் செய்து "நான் ரிஜெக்டா?" என்று கேட்டால், தெரியாத ஒன்றை அவர் எப்படிச் சொல்வார்? தெரிந்திருந்தாலும் அப்படி நேராகக் கேட்டால் "சொல்றோம்" என்பதோடு முடித்துக்கொள்வார். இரண்டு மூன்று வேலை நாள் கழித்து, நடைமுறையைப் பற்றிக் கேட்பது பலன் தரும்.

"மேடம், செவ்வாய்க்கிழமை ரவுண்ட் 45 நிமிஷம்னு போட்டிருந்தீங்க, 12 நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. கோடிங் கேக்கவே இல்ல. அதுக்குத் தனி ரவுண்ட் இருக்கா? பேனல் ஃபீட்பேக் வந்துடுச்சா?"

இதில் புகாரும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய இரண்டு கேள்விகள், அவ்வளவுதான். "கோடிங் அடுத்த ரவுண்ட்ல வரும்" என்றால் வேகமான நடைமுறை என்று எடுத்துக்கொள்ளலாம். நோட்டீஸ் பீரியடையும் எதிர்பார்க்கும் சம்பளத்தையும் அவர் மறுபடி சரிபார்த்தால் இன்னும் நல்லது. "வேற வேலை வந்தா சொல்றோம்" என்றால் கதை முடிந்தது.

குழப்புவது மூன்றாவது பதில்: "ஃபீட்பேக் இன்னும் வரல." முதல் வாரத்தில் அது உண்மையாக இருக்கலாம். அதற்குப் பிறகும் அதே பதில் என்றால் பெரும்பாலும் 'ஹோல்ட்'. நம் ஐடி துறையில் நோட்டீஸ் பீரியட் 60 நாள், 90 நாள் என்று நீள்வதால், ஆஃபர் வாங்கியவர் அதற்குள் இன்னொரு ஆஃபரைப் பிடித்துக்கொண்டு வராமலே போவது சகஜம். அதனால் இரண்டாவது இடத்தில் இருப்பவரிடம் 'இல்லை' என்று சொல்லாமல் வைத்திருப்பார்கள். ரெக்ரூட்டரைப் பொய்யர் என்று திட்டுவது நியாயமில்லை. காலியிடத்தை நிரப்ப வேண்டிய பொறுப்பு அவர் தலையில்.

அழைத்தவர் கன்சல்டன்சிக்காரராக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். பொதுவாக ஆள் வேலையில் சேர்ந்தால்தான் அவருக்குக் கமிஷன் என்பதால், நிறுவனத்திடம் விடாமல் கேட்டுப் பார்ப்பார். ஆனால் நிறுவனத்தின் ஹைரிங் பக்கத்தை அவரால் திறந்து பார்க்க முடியாது. அங்கிருந்து சொன்னதைத்தான் நமக்கும் சொல்வார்.

'ஹோல்ட்'டை உடைக்கப் பெரும்பாலும் உதவுவது ஒரு தேதி. "வேற கம்பெனி ஆஃபருக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்" என்று சொன்னால், ரெக்ரூட்டரும் பேனலைப் பிடித்து உலுக்க ஒரு காரணம் கிடைக்கிறது. ஆஃபர் நிஜமாகவே கையில் இருக்கும்போது மட்டும் இதைச் சொல்ல வேண்டும். லெட்டரை அனுப்புங்கள் என்று கேட்கும் வழக்கமும் உண்டு.