பச்சை குத்தும் முன் சீன எழுத்தைச் சரிபார்த்தல்

சீன எழுத்துகளைப் பச்சை குத்திக்கொள்பவர்கள் பலருக்கு அவற்றை வாசிக்கத் தெரியாது. குத்திவிடுபவரும் பெரும்பாலும் படத்தைப் பார்த்து அப்படியே வரைபவர்தான். ஆகவே பிழை இருந்தால் அது இருவர் கண்ணிலும் படாது. சீனமோ ஜப்பானியமோ படிக்கத் தெரிந்த மூன்றாம் ஆள் ஒருவர் பார்க்கும்போதுதான் வெளியே வரும். அதற்குள் மை தோலுக்குள் இறங்கியிருக்கும்.

இதில் உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்கப் பாடகி அரியானா கிராண்டே. 2019 ஜனவரியில் தன் பாடலொன்றின் தலைப்பான ‘ஏழு மோதிரங்கள்’ என்பதை உள்ளங்கையில் ஜப்பானிய முறையில் குத்திக்கொண்டார். ஜப்பானியமும் சீனத்திலிருந்து வந்த எழுத்துகளைப் பயன்படுத்துகிறது. வலி தாங்காமல் நடுவில் வரவேண்டிய எழுத்துகளை விட்டுவிட்டதால் கையில் நின்றவை 七輪 என்ற இரண்டு மட்டும். முதலாவதற்கு ‘ஏழு’ என்று பொருள்; இரண்டாவதற்கு ‘வளையம், சக்கரம்’. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரியே. ஆனால் சேர்ந்து நிற்கும்போது அது ‘ஷிச்சிரின்’. இறைச்சி சுடும் சிறிய கரி அடுப்பு. பின்னர் ‘விரல்’ என்ற எழுத்தைச் சேர்த்துத் திருத்தப் பார்த்தார். அது அமைந்த இடத்தால் வாசிக்கும் வரிசை குழம்பி, அடுப்போடு ஒரு விரலும் சேர்ந்ததுதான் மிச்சம்.

ஒவ்வோர் எழுத்துக்கும் அகராதியில் பொருள் பார்த்துவிட்டால் போதும் என்ற எண்ணமே இந்தப் பிழைகளில் பாதிக்குக் காரணம். தற்காலச் சீனத்தில் பெரும்பாலான சொற்கள் இரண்டு எழுத்துகளால் ஆனவை. ஓர் எழுத்து தனியே நிற்கும்போது தரும் பொருள் வேறாக இருக்கலாம். ‘நம்பிக்கை’ என்பதைக் குத்திக்கொள்ள விரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு எளிதாகக் கிடைப்பது 信, அதாவது ‘ஷின்’ என்ற ஒற்றை எழுத்து. ‘நம்பு’ என்ற பொருள் அதற்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அன்றாடச் சீனத்தில் அது தனித்து நின்றால் முதலில் நினைவுக்கு வருவது தபாலில் வரும் கடிதம். மரபு அறிந்தவருக்கோ, கன்பூசிய நெறியின் ஐந்து அறங்களில் ஒன்றான சொன்ன சொல் தவறாமை தோன்றும். கையில் அந்த ஓர் எழுத்தோடு திரிபவரைப் பார்த்துச் சீனர் சிரிக்கமாட்டார். ஆனால் அவர் சொல்ல வந்ததும் போய்ச் சேர்ந்திருக்காது.

எனவே முதல் வேலை அகராதியைத் திறப்பது அல்ல. தன் மனத்தில் இருப்பது எந்த நம்பிக்கை என்று தீர்மானிப்பது. தமிழில் ஒரே சொல் பல வேலை செய்கிறது. ஒருவர் மேல் வைக்கும் நம்பிக்கை என்றால் சீனத்தில் 信任. காரியம் முடியும் என்ற உறுதி என்றால் 信心. தன்னம்பிக்கைக்கு 自信. கடவுள் நம்பிக்கைக்கு 信仰. நாளை நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு 希望. இதில் ‘ஷின்’ எழுத்தே கிடையாது. மரணத்தின் வாயிலிலிருந்து மீண்டவர் ஒருவர் குத்திக்கொள்ள நினைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சொல்லாகத்தான் இருக்கும்.

அடுத்து, தேர்ந்த தொடரை முழுதாகவே எதிர்த்திசையில் சோதிக்க வேண்டும். ‘பிளெகோ’ போன்ற சீன அகராதிச் செயலிகளில் அதைப் பிரிக்காமல் உள்ளிட்டு, ஒரே சொல்லாகப் பதிவு இருக்கிறதா, உதாரண வாக்கியங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கலாம். இதைவிடச் சுலபமான இன்னொரு சோதனை இருக்கிறது. எழுத்துகளை அப்படியே இணையப் படத் தேடலில் இடுவது. 七輪 என்று இட்டால் திரை முழுக்க அடுப்புகள் வந்து நிற்கும். மொழிபெயர்ப்புச் செயலியை மட்டும் நம்புவது ஆபத்து. ‘சுதந்திரமானவன்’ என்ற பொருளில் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால், அதே சொல்லுக்கு ‘இலவசம்’ என்றும் பொருள் இருப்பதால், கடைப் பலகையில் எழுதும் 免费 திரும்பி வரக்கூடும். வேண்டியது 自由.

பிறகு அந்த மொழியைப் பேசி வளர்ந்த இருவரிடம் தனித்தனியே காட்ட வேண்டும். கேட்கும் விதத்தில்தான் சூட்சுமம். “இதற்கு நம்பிக்கை என்றுதானே பொருள்?” என்று கேட்டால் மரியாதைக்காக யாரும் தலையாட்டிவிடுவார்கள். உத்தேசித்த பொருளைச் சொல்லாமல், “இதைப் படித்தால் என்ன தோன்றுகிறது? எங்கே எழுதியிருக்கும்?” என்று கேட்க வேண்டும். விளம்பரத்தில், மருந்துப் பெட்டியில், கல்லறையில் என்று வரும் பதில்கள் எந்த அகராதியும் சொல்லாதவை. எந்த மொழிக்காரரிடம் கேட்பது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். ‘கை’, ‘தாள்’ என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்தால் ஜப்பானியருக்குக் கடிதம். சீனருக்குக் கழிவறைத் தாள்.

பொருள் சரியென்று தெரிந்த பின் வடிவம். சீன மக்கள் குடியரசில் 1950-களில் தொடங்கிய சீர்திருத்தம் பல எழுத்துகளைச் சுருக்கியது. தைவானும் ஹாங்காங்கும் பழைய முழு வடிவங்களையே எழுதுகின்றன. அன்பைக் குறிக்கும் எழுத்தின் முழு வடிவத்தில் 13 கீற்றுகள், நடுவில் ‘இதயம்’ என்ற உறுப்பு உண்டு. சுருக்க வடிவத்தில் 10 கீற்றுகள், இதயம் இல்லை. இரண்டும் சரிதான். ஆனால் ஒரே தொடரில் இரு முறையையும் கலந்தால் பார்ப்பவருக்கு உறுத்தும். கீற்று அதிகமான எழுத்தைச் சிறிதாகக் குத்தினால் ஆண்டுகள் செல்லச் செல்ல மை பரவி, இடைவெளிகள் அடைந்து, கறுப்புத் திட்டாகிவிடும்.

சிறு புள்ளியும் இங்கே அலங்காரம் அல்ல. 大 என்றால் பெரியது. அதன் மேல் வலப்புறம் ஒரு புள்ளி விழுந்தால் 犬, நாய். அதே புள்ளி கீழே வந்தால் 太, ‘மிக’. ஸ்டென்சில் தாளைத் திருப்பிப் போட்டால் முழு எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகிவிடும். 信 எழுத்தில் மனிதனைக் குறிக்கும் ஒல்லியான உறுப்பு எப்போதும் இடப்பக்கம்தான் நிற்க வேண்டும். வலப்பக்கம் வந்திருந்தால் தாள் திரும்பியிருக்கிறது.

பெயரைக் குத்திக்கொள்பவர்களுக்குத் தனியாக ஒரு கண்ணி காத்திருக்கிறது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சீன எழுத்தைப் போட்ட அட்டவணை பல பச்சை குத்தும் கடைகளின் சுவரில் தொங்கியிருக்கிறது. அது முழுக்கப் போலி. சீன எழுத்து அகர வரிசை அல்ல. அயல்நாட்டுப் பெயர்களை அசை அசையாக, ஒலிக்கு ஏற்ற எழுத்துகளால்தான் எழுதுவார்கள். கண்டுபிடிப்பதும் எளிது: பெயரின் ஆங்கில எழுத்துகளை எண்ணிப் பார்த்து, சீனக் குறிகளும் அதே எண்ணிக்கையில் இருந்தால், அது பெரும்பாலும் அந்த அட்டவணையிலிருந்து வந்ததுதான்.

கடைசிச் சரிபார்ப்பு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு. ஸ்டென்சில் தோலில் ஒட்டியதும், ஊசி தொடும் முன், அதைப் புகைப்படம் எடுத்து முன்பு கேட்ட இருவருக்கும் அனுப்ப வேண்டும். தன் பக்கம் திருப்பி எடுக்கும் படம் சில கைபேசிகளில் இடம் வலம் மாறிப் பதிவாகும் என்பதால், பின்பக்கக் கேமராவால் வேறொருவர் எடுப்பது நல்லது. அவர்களிடமிருந்து பதில் வரும்வரை காத்திருக்கலாம். அவசரப்படுத்தும் கடையாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம். ஸ்டென்சில் மை துடைத்தால் போய்விடும். உள்ளே இறங்கிய மையை எடுக்கப் பல வார இடைவெளிகளில் பலமுறை லேசர் வேண்டும், அப்போதும் முழுதாகப் போகும் என்று உத்தரவாதம் இல்லை.