படத்தைத் தோழி தேர்ந்தெடுக்கட்டும்

டேட்டிங் செயலியில் போடும் படத்தை நாமே தேர்ந்தெடுப்பதைவிடப் பிறரிடம் விடுவது மேல். 2017இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், அவரவர் தேர்ந்த படங்களைவிட, முன்பின் அறியாதவர்கள் அவர்களுக்காகத் தேர்ந்தவையே பார்ப்போரிடம் நல்லெண்ணத்தை உண்டாக்கின. தோழிக்கு நம் முகம் பழகியதுதான். ஆனாலும் அவர் நம்மை வெளியிலிருந்து பார்ப்பவர்.

செய்தி அப்படியல்ல. அதில் தோழி அடிக்கோடு மட்டும் இடட்டும், திருத்தி எழுத வேண்டாம். “எனக்குப் பயணம் பிடிக்கும்” என்ற வரியை அவர் கோடிட்டு, “எங்கே போனாய்?” என்று கேட்டால் போதும். “கொல்லிமலையில் எழுபது வளைவும் நானே பைக் ஓட்டினேன்” என்ற பதில் உங்களுடையது. அனுப்பும் முன் உரக்கப் படியுங்கள். நேரில் சொல்லமாட்டீர்கள் எனத் தோன்றும் வரி தோழியுடையது, நீக்கிவிடுங்கள். எதிரிலிருப்பவர் எழுதியதைக் காட்ட நேர்ந்தால், அவர் பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டே காட்டுங்கள்.