மிளகின் விலையில் யாருக்கு எவ்வளவு?

பிளவக்கல் அணைக்கரையில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் சுவராய் எழுந்து நிற்கிறது. அதற்கு அப்பால் மிளகு விளையும் நாடு. அதற்கும் அப்பால் கடல். பாண்டியரின் தலைநகர் மலைக்கு இப்பால் மதுரையில் இருந்தது. எனினும், மேற்குக் கரையின் நெல்கிந்தா துறைமுகம் அவர்கள் ஆட்சிக்கு உட்பட்டது என்று கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான ‘பெரிப்ளஸ்’ கூறுகிறது. நெல்கிந்தாவிலும் சேரரின் முசிறியிலும் மிளகு, முத்து, தந்தம், பட்டுத்துணி ஆகியவை கப்பலேறின.

இவ்வணிகத்தைப் பற்றிப் பேசும்போது ரோமானியப் பொன் இங்கு வந்து குவிந்ததையே நாம் பெருமையாகச் சொல்கிறோம். பொருளியல் கற்பித்த எனக்கு எழும் கேள்வி வேறு: இலாபம் யார் கையில் தங்கியது?

இதற்கு விடைதேட உதவும் அரிய ஆவணம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பாப்பிரஸ் ஏடு 1985-இல் வெளியிடப்பட்டது. ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்துடன் தொடர்புடைய கடன் ஒப்பந்தம். சரக்கு செங்கடல் துறையிலிருந்து ஒட்டகத்திலும் பின்னர் நைல் நதியிலும் அலெக்சாந்திரியா சேரும் வரை, கடன் கொடுத்தவரின் முத்திரையின் கீழ் இருக்க வேண்டும். தவணை தவறினால் சரக்கு அவருக்கே உரியது.

மறுபக்கம் ‘ஹெர்மபொல்லோன்’ என்னும் கப்பலின் சரக்குக் கணக்கு. கங்கைச் சமவெளியின் நறுமணப் பொருளும் தந்தமும் அதில் இடம்பெறுகின்றன. சிதைந்துபோன பகுதியில் மிளகும் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ரோமானிய அரசின் சுங்கம் நான்கில் ஒரு பங்கு. அது கழிந்தபின் சரக்கின் மதிப்பு சுமார் 1,154 தாலந்து. அப்படியானால் சுங்கம் மட்டும் ஏறத்தாழ 385 தாலந்து. ஒரு தாலந்துக்கு 6,000 திரக்மா. எனவே ஒரே கப்பலிலிருந்து அரசு பெற்றது சுமார் 23 இலட்சம் திரக்மா! எஞ்சியதில் கடன், வட்டி, போக்குவரத்துச் செலவு போக மீதம் வணிகருக்கு.

இந்தியச் சரக்குகள் ரோமில் முதல் விலையைப் போல் நூறு மடங்குக்கு விற்றதாகப் பிளினி எழுதினார். அது மிகையாக இருக்கலாம். ஆயினும், விலையின் பெரும்பகுதி கடலுக்கு அப்பால் சேர்க்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. முதலும் இடரும் அங்கே, இலாபமும் அங்கே. இங்குள்ள அரசர்கள் துறைமுகச் சுங்கம் பெற்றனர். மலையில் மிளகு பறித்தவருக்கும் கொற்கையில் முத்துக் குளித்தவருக்கும் என்ன கிடைத்தது என்பதற்கு ஏடு இல்லை. முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்ற ‘பெரிப்ளஸ்’ செய்தி மட்டும் உண்டு.

தமிழர் வெறும் விற்பனையாளராக மட்டும் இருந்துவிடவில்லை. எகிப்தின் செங்கடல் துறைகளில் தமிழ்ப் பெயர்கள் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. நம்மவர் சிலர் கடல் கடந்தும் வணிகம் செய்தனர். அந்தச் சிலரைத்தான் நாம் தேடிப் படிக்க வேண்டும். பொருளை விளைவிப்பது ஒன்று. அதன் விலையைத் தன் கையில் வைத்திருப்பது மற்றொன்று.