ஒரே மாடி, ஒரே நாள், ஏழு வீடியோ

மாடித்தோட்ட சேனல் நடத்துபவருக்குத் தினமும் ஒரு வீடியோ என்பது பெரிய பாரம். ஒவ்வொரு நாளும் ட்ரைபாடை நிறுத்தி, மைக்கைக் குத்தி, வெளிச்சம் பார்த்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். அதனால் பலரும் ஞாயிற்றுக்கிழமை ஒருநாளில் வாரத்துக்கானதை எடுத்து வைத்துவிடுகிறார்கள். இதில் சறுக்குவது பெரும்பாலும் வரிசையில்தான். திங்கள் வீடியோ முதலில், செவ்வாய் வீடியோ அடுத்து என வெளியிடும் வரிசையிலேயே எடுக்கத் தொடங்கினால், மதியத்துக்குள் நாள் கெட்டுவிடும்.

சென்னைப் பக்கம் ஒரு மாடியை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கான தலைப்புகள்: மண் கலவை, விதைப்பு, நாற்று நடவு, பூசணிக்குக் கையால் மகரந்தச் சேர்க்கை, கத்தரி அறுவடை, கவாத்து, வேப்பெண்ணெய்த் தெளிப்பு. இவற்றை எந்த வரிசையில் எடுப்பது என்பதைச் செடியும் சூரியனும்தான் தீர்மானிக்கும்.

பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறும்போது வாடிவிடும். ஆகவே அது வாரக்கடைசி வீடியோவாக இருந்தாலும், காலை ஆறரைக்கு முதல் ஷாட் அதுதான். ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் சூலக முடியில் தடவும் காட்சியை மறுநாள் வேறு பூவில்தான் திரும்ப எடுக்க முடியும். அதனால் தூரக் காட்சி ஒன்று, நெருக்கமான காட்சி ஒன்று என இரண்டும் இருக்கின்றனவா என்று அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து எட்டரை மணிவரை, ஏழு வீடியோக்களுக்கும் முகம் காட்டிப் பேசும் பகுதிகள். கை சுத்தமாக இருக்கிறது, வெளிச்சம் மென்மையாக இருக்கிறது, செடிகளில் காயும் நிறைந்திருக்கிறது. மூன்று சட்டைகள் போதும். மாடியின் வெவ்வேறு மூலைகளில் நின்று பேசினால், ஒரே இடம் என்பது உறுத்தாது. பேச்சில் ‘இன்று’, ‘நேற்றைய மழை’ போன்ற சொற்கள் வந்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை பார்ப்பவருக்கு அந்த மழை எங்கே? ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் வீடியோ எண்ணைத் தாளில் எழுதி கேமராவுக்குக் காட்டுங்கள். இரவில் எடிட்டிங்கில் உட்காரும்போது நூற்றுக்கணக்கான கிளிப்புகளைப் பிரித்தெடுக்க அது உதவும்.

பத்து முதல் மூன்று வரை மொட்டை வெயில்; முகத்தில் கரிய நிழல் விழும், செல்போனும் சூடாகி ரெக்கார்டிங்கை நிறுத்திவிடலாம். இந்த நேரத்தில் படிக்கட்டு அறையின் நிழலில் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலப்பதையும், விதைப்பதையும் எடுக்கலாம். கை மண்ணாகிவிடும், ஆனால் பேசும் பகுதிதான் முடிந்துவிட்டதே.

விதைப்பிலிருந்து நடவுவரை தக்காளிக்குச் சுமார் 25 நாள் தேவை. அதை ஒரே நாளில் காட்ட, முன்கூட்டியே இரண்டு தட்டுகளில் விதைத்திருக்க வேண்டும்: ஒன்று 25 நாளுக்கு முன்னால், இன்னொன்று பத்து நாளுக்கு முன்னால். மூன்றாவது, கேமராவுக்கு எதிரே விதைக்கும் தட்டு. எனவே ஷூட்டுக்கான திட்டம் ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. காய்ப்பு, நோய் பரவுவது போன்று நாள்பட நிகழ்வதை ஒரே நாளுக்குள் அடக்க முடியாது. அவற்றைத் தனியாகவே எடுக்க வேண்டும்.

நான்கு மணிக்கு மேல் வெயில் தணிந்ததும் நடவு. நாற்றுக்கும் மாலை நேரம்தான் நல்லது. பிறகு அறுவடை, அதன்பின் கவாத்து, கடைசியில் வேப்பெண்ணெய்க் கரைசல். காயைப் பறித்துவிட்டால் மறுபடி ஒட்ட முடியாது. கிளையை வெட்டினாலும் அப்படித்தான். கரைசல் தெளித்தால் இலைகள் பளபளத்து, மற்ற காட்சிகளோடு ஒட்டாது. வேப்பெண்ணெய்யை வெயிலில் தெளித்தால் இலை கருகும் என்பதால், இதைக் கடைசிக்குத் தள்ளுவது செடிக்கும் ஏற்றது.

கவனிக்க வேண்டிய இரண்டு: சத்தமும் சேமிப்பும். மாடிக்காற்று காலர் மைக்கில் ‘புஸ்’ஸென்று அறையும், மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, முதல் கிளிப்பை இயர்போனில் கேட்டுவிட்டு மேலே போங்கள். அந்தச் சத்தம் இரவில்தான் தெரியவந்தால் பேசிய பகுதி மொத்தமும் வீணாகிவிடும். ஐபோனில் 4கே, 30 ஃப்ரேமில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கும். 1080பி என்றால் 60 எம்பி. இரண்டு மணி நேரக் காட்சிக்கு 4கேயில் 20 ஜிபி வேண்டும். முந்தின இரவே இடத்தைக் காலி செய்து, ஷூட் தொடங்கியதும் ஏரோபிளேன் மோடில் போட்டால் அழைப்பு வந்து டேக் நடுவில் நிற்காது.

அறுவடையைத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பட்டியலில் ஏழு வீடியோவுக்கும் டிக் அடித்துப் பாருங்கள். செடியில் காய் இருக்கும்வரைதான் விட்டுப்போன காட்சியை மறுபடி எடுக்க முடியும்.