ஜிப்பில் ஒய்கேகே இருந்தா பேக் ஒரிஜினலா? பில் கட்டுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய மூணு இடம்

ஆபீஸ் பேக் வாங்குறப்போ நம்மில் பலர் செய்யற ஒரே டெஸ்ட், ஜிப்பைத் திருப்பிப் பார்க்கறது. ஒய்கேகேன்னு எழுதியிருந்தா ஒரிஜினல், இல்லைன்னா டூப்ளிகேட். கேட்க சுலபமா இருக்கு, ஆனா இந்த டெஸ்ட் ரெண்டு பக்கமும் தப்பாப் போகும்.

முதல்ல ஒய்கேகேன்னா என்னன்னு பார்த்துடலாம். 1934-ல் டோக்கியோவில் ததாவோ யோஷிதா ஆரம்பிச்ச ஜிப் கம்பெனி அது. அவங்க ஜிப் செய்யறாங்க, உங்க பேக்கைச் செய்யறது வேற கம்பெனி. ஒய்கேகே ஜிப் மீட்டர் கணக்கில் கடையில் கிடைக்கும். அதனால போலி பேக் தைக்கிறவரும் நிஜமான ஒய்கேகே ஜிப்பை வாங்கிப் போட முடியும். அதே மாதிரி, நல்ல பிராண்டுகள் பலவும் வேற கம்பெனி ஜிப்போ, தங்கள் சொந்தப் பெயர் பொறிச்ச ஜிப்போ போடறாங்க. ஒய்கேகே இல்லைங்கறதாலயே அது போலி ஆகிடாது.

அப்போ ஜிப்பில் எதைப் பார்க்கறது? எழுத்து எப்படி வந்திருக்குன்னு பாருங்க. ஸ்லைடர் அச்சில் வார்க்கப்படும்போதே எழுத்தும் சேர்ந்து வரும். அதனால விளிம்பு கூர்மையா, ஆழம் ஒரே அளவா இருக்கும். நகத்தால் தடவினா தட்டுப்படும். போலியில் எழுத்து மேலோட்டமா, மெழுகில் அழுத்தின மாதிரி மழுங்கி இருக்கும், இல்லைன்னா பெயின்ட் மட்டும் அடிச்சிருக்கும். ஸ்லைடரோட பின்பக்கம் 5, 8, 10 மாதிரி ஒரு எண்ணும் இருக்கலாம். அது ஜிப்போட சைஸ். எண் பெருசானா பல்வரிசையும் அகலமாகும்.

அதைவிட நல்ல சோதனை ஒண்ணு இருக்கு. பேக்கில் எத்தனை ஜிப் இருக்கோ அத்தனையையும் பாருங்க. வெளியே தெரியற மெயின் ஜிப்பில் மட்டும் செலவு பண்ணி, உள்பாக்கெட்டில் பெயரே இல்லாத ஜிப்பைப் போடறது போலி தயாரிப்பாளர்களோட வழக்கம். ஆள் பார்க்கற இடத்தில் மட்டும் காசு போட்டிருந்தா அங்கேயே சந்தேகப்படலாம்.

அடுத்தது பிரஸ் பட்டன். இதைப் பெரும்பாலானவங்க கவனிக்கறதே இல்லை. ஒரு பிரஸ் பட்டன்ல நாலு பாகம் உண்டு. வெளியே தெரியற மூடி, அதுக்குப் பின்னாடி குழி, எதிர்ப்பக்கம் குமிழ், அதைப் பிடிக்கிற ஆணி. பிராண்ட் பெயர் மூடியில் அழுத்தப்பட்டிருக்கும். ஒரிஜினலில் "டக்"னு ஒரே சத்தத்தோட மாட்டும், எல்லா பட்டனும் கிட்டத்தட்ட ஒரே பலத்தில் கழலும். போலியில் ஒண்ணு இறுக்கமா, இன்னொண்ணு லூசா இருக்கும். மூடியைச் சுத்தித் துணி சுருங்கியிருக்கும், இல்லைன்னா விளிம்பில் முலாம் வெடிச்சிருக்கும். பட்டன் அடிக்கற மெஷினில் அழுத்தம் சரியா வைக்கலைங்கறதுக்கு அது அடையாளம்.

ஒரு எச்சரிக்கை: மூடியில் எழுத்து கொஞ்சம் சாய்ஞ்சிருக்குன்னு உடனே போலின்னு சொல்லிடாதீங்க. வட்டமான பட்டன் அடிக்கும்போது திரும்பிப் போகலாம், ஒரிஜினலிலும் அது நடக்கும். எழுத்தோட கோணத்தை விட்டுட்டு எழுத்தையே படிங்க.

ஏன் படிக்கச் சொல்றேன்னா, போன மாசம் ஒரு வாசகி அனுப்பின கோன்கென் பேக் போட்டோக்கள். ஸ்வீடன் நாட்டு ஃபியல்ராவன் கம்பெனி 1978-ல் பள்ளிப் பிள்ளைகளோட முதுகுவலியைக் குறைக்க செஞ்ச சதுர பேக் அது. இப்போ ஐடி பார்க் லிஃப்ட்ல நாலு பேர் நின்னா ஒருத்தர் முதுகில் இருக்கு, அல்லது அதோட நகல் இருக்கு. இவங்க ஒரு ஆன்லைன் தளத்தில், வேற விற்பனையாளர்கிட்ட இருந்து, 2,199 ரூபாய்க்கு வாங்கியிருந்தாங்க.

ஜிப் பார்க்க நல்லாவே இருந்தது. பட்டன்லதான் மாட்டிச்சு. ஃபியல்ராவன்னு ஆங்கில எழுத்தில் எழுதும்போது அதில் வர ரெண்டு "ஏ" எழுத்துக்கும் தலையில் ரெண்டு ரெண்டு புள்ளி இருக்கணும். கோன்கென்ல "கே"க்கு அடுத்த "ஏ" மேல் ஒரு சின்ன வட்டம் இருக்கணும். அவங்க பேக் பட்டன்ல புள்ளிகளைக் காணோம், வெறும் "ஏ". இவ்வளவு சின்ன இடத்தில் புள்ளி வைக்கணும்னா நல்ல அச்சு வேணும், நல்ல அச்சுக்குக் காசு வேணும். முன்பக்க லோகோவில் புள்ளி இருக்கு, பட்டன்ல இல்லை. ஒரே பேக்கில் பெயர் ரெண்டு விதமா இருந்ததே போதும்.

பிறகு உள் லேபிள். கோன்கென் உள்ளே சொந்தக்காரர் பெயரும் முகவரியும் எழுத இடம் விட்ட ஒரு லேபிள் இருக்கும், பேக்குக்குன்னு ஒரு வரிசை எண்ணும் இருக்கும். இவங்களோட லேபிள்ல எண்ணே இல்லை. "மேட் இன் ஸ்வீடன்"னு பெருமையா போட்டிருந்தது. பிராண்ட் ஸ்வீடன்தான், ஆனா ஒரிஜினல் பேக்கில் பெரும்பாலும் வியட்நாம்னுதான் இருக்கும். போலி தயாரிப்பாளர் வாங்கறவங்க எதிர்பார்ப்பதை எழுதறார், நிஜமான கம்பெனி நடந்ததை எழுதுது.

இந்தியாவில் இறக்குமதி செஞ்சு பேக் பண்ணி விற்கிற பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செஞ்சது, எம்ஆர்பி, புகார் தொடர்பு விவரம் இதெல்லாம் இருக்கணும்னு 2011 பேக்கேஜ்டு கமாடிட்டீஸ் விதிகள் சொல்லுது. பெரும்பாலும் இது தொங்கற டேக் அல்லது ஸ்டிக்கர்ல இருக்கும். அதைப் பிய்ச்சுக் குப்பையில் போடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வைங்க. வாசகியோட பேக்கில் எம்ஆர்பி மட்டும் இருந்தது, இறக்குமதியாளர் பெயர் இல்லை.

இப்போ என் ஏரியாவுக்கு வருவோம். பில்லில் 2,199 ரூபாய், 18% ஜிஎஸ்டி உள்பட. பின்னோக்கிக் கணக்குப் போட்டா பேக் விலை 1,863.56, வரி 335.44. அந்த வரி அரசுக்குப் போனதா? ஜிஎஸ்டி போர்ட்டலில் "Search Taxpayer"-ல் பில்லில் இருந்த எண்ணைப் போட்டேன். பதிவு ரத்து, அதுவும் பில் தேதிக்கு முன்னாடியே. ரத்தான பதிவை வைச்சு வரி வசூலிக்க முடியாது. இதுக்கு லாகின் எதுவும் தேவையில்லை, நீங்களும் ரெண்டு நிமிஷத்தில் பார்க்கலாம். ஆனா ஒண்ணு, பதிவு ஆக்டிவா இருந்தா பேக் ஒரிஜினல்னு அர்த்தம் இல்லை. பில் போட்டவர் இருக்கார்ங்கறதுதான் அதில் தெரியும்.

பணம் திரும்பக் கேட்க வழி இருக்கு. 2020 மின்வணிக விதிகள்படி, போலியான அல்லது விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன்னு விற்பனையாளர் சொல்லக் கூடாது. தளத்தோட குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததா உறுதி சொல்லணும், ஒரு மாசத்துக்குள் தீர்க்கணும். "போலி மாதிரி தெரியுது"ன்னு மட்டும் எழுதினா "ரிட்டர்ன் காலம் முடிஞ்சது"ன்னு பதில் வரும். வாசகி அனுப்பினது நாலு படம்: பட்டன் க்ளோஸ்-அப், முன் லோகோ, எண் இல்லாத உள் லேபிள், ஜிஎஸ்டி ஸ்க்ரீன்ஷாட். பதினோராவது நாள் பணம் அக்கவுன்ட்டில் விழுந்தது.

அப்படி வரலைன்னா அடுத்தது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், 1915. அங்கேயும் முதல் கேள்வி பில் இருக்கான்னுதான் வரும். பிளாட்ஃபாரக் கடையில் பில் இல்லாம 700 ரூபாய்க்கு வாங்கின பேக்குக்கு இந்த வழி எதுவும் உதவாது. அந்த விலையில் போலின்னு தெரிஞ்சே வாங்கறவங்க நிறைய பேர், அது அவங்க இஷ்டம். ஆனா லேப்டாப் வைக்கறதா இருந்தா ஸ்ட்ராப் தையலை மட்டுமாவது இழுத்துப் பார்த்துட்டு வாங்குங்க.