சனிக்கிழமை இரவுக்கு ஒரு விலை

1990களில் அமெரிக்காவில், திங்கள் காலை சிகாகோவிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்து அன்று மாலையே வீடு திரும்பியவர், பக்கத்து இருக்கையில் வந்த சுற்றுலாப் பயணியைவிட இரண்டு மூன்று மடங்கு கட்டணம் கொடுத்திருப்பார். விமானம் ஒன்றுதான், இருக்கையும் ஒரே வகுப்புதான். சுற்றுலாப் பயணி நியூயார்க்கில் ஒரு சனிக்கிழமை இரவு தங்கிவிட்டுத் திரும்புகிறார், இவர் தங்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

1978இல் கட்டணத்தின் மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கத் தொடங்கியபின் விமான நிறுவனங்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. காலி இருக்கைகளை நிரப்ப விலையைக் குறைக்க வேண்டும். ஆனால் எவ்வளவு கேட்டாலும் கொடுக்கக்கூடிய அலுவலகப் பயணிகள் அந்த மலிவு டிக்கெட்டை வாங்கிவிடக் கூடாது. இருவரையும் பிரிக்கும் வேலியாகச் சனிக்கிழமை வந்தது. வேலையாகப் போகிறவர் வார இறுதியில் வீட்டில் இருக்கவே விரும்புவார். 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அறிவித்த ‘அல்டிமேட் சூப்பர் சேவர்’ கட்டணம், முன்பதிவோடு இந்த நிபந்தனையையும் சேர்த்தே வந்தது. அன்றே திரும்புகிறவரால் நிறுவனத்துக்குக் கூடுதல் செலவு ஏதும் இல்லை. அவருடைய அவசரத்துக்குத்தான் விலை.

இதற்குப் பயணிகள் ஒரு வழி கண்டார்கள். ஒருவர் அடுத்தடுத்த இரண்டு திங்கட்கிழமைகள் நியூயார்க் போய்வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அன்றே திரும்பும் டிக்கெட் 800 டாலர், சனிக்கிழமை தங்கும் டிக்கெட் 300 டாலர். முறைப்படி வாங்கினால் மொத்தம் 1,600 டாலர். அதற்குப் பதிலாக அவர் இரண்டு மலிவு டிக்கெட் எடுப்பார். முதல் டிக்கெட்டில் முதல் திங்கள் காலை நியூயார்க் போய், இரண்டாம் திங்கள் மாலை திரும்புவதாக இருக்கும். இரண்டாவது டிக்கெட் நியூயார்க்கில் தொடங்கும்: முதல் திங்கள் மாலை சிகாகோவுக்கு, அடுத்த திங்கள் காலை மறுபடி நியூயார்க்குக்கு. இரண்டிலும் ஒரு சனிக்கிழமை இரவு அடங்கிவிடுகிறது. நான்கு பயணமும் 600 டாலரில் முடியும்.

நிறுவனங்கள் இதைத் தங்கள் விதிகளில் தடை செய்தன. ஒரே பெயரில், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் தேதிகளில் இரண்டு டிக்கெட் இருந்தால் கணினிப் பதிவு காட்டிக்கொடுத்துவிடும். விற்ற டிராவல் ஏஜென்டிடமே வித்தியாசத் தொகையை வசூலிப்பார்கள். ஒரு டிக்கெட்டின் முதல் பாதியில் ஏறாமல் விட்டால், மீதிப் பயணம் தானாகவே ரத்தாகும். வாங்கிய நான்கு பயணத்திலும் ஒழுங்காக ஏறி இறங்கிய ஒருவரைக் குற்றவாளியாக நடத்தியது நியாயமே இல்லை. சொந்தப் பணத்தில் பறந்த சிறு வியாபாரிகளைத்தான் இந்த விதி அதிகம் வருத்தியது.

வேலியை உடைத்தவை, போக ஒரு விலை, வர ஒரு விலை என்று தனித்தனியாக விற்ற மலிவு விமானங்கள். அந்தப் போட்டியில், 2005 ஜனவரியில் டெல்டா நிறுவனம் அமெரிக்க உள்நாட்டுப் பயணங்களில் சனிக்கிழமை நிபந்தனையைக் கைவிட்டது. ஆனால் நீண்ட தூர வெளிநாட்டுப் பயணங்களில் குறைந்தபட்சத் தங்கல் விதி இன்னமும் உண்டு. அங்கே சில நாளில் திரும்ப வேண்டியவர்கள், டிக்கெட் எடுக்குமுன் திரும்பும் தேதியை ஞாயிறுக்குத் தள்ளி ஒருமுறையும், இரண்டு ஒருவழி டிக்கெட்டாகப் பிரித்து ஒருமுறையும் விலை பார்த்துவிடுவது நல்லது.