வாலாஜா பள்ளிவாசலைச் சுற்றிக் காட்ட 35 நிமிடங்கள்

சென்னைக்கு வரும் உறவினர்களையும் பிள்ளைகளின் பிறசமய நண்பர்களையும் திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்கிறோம். "இது நவாப் கட்டியது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் சொல்ல விரும்புவோருக்கு இந்தக் குறிப்பு.

அஸர் ஜமாஅத் முடிந்து, கூட்டம் கலைந்த பின் தொடங்குங்கள். மஃரிப் பாங்குக்கு முன் நிதானமாக முடிக்கலாம்.

முதல் நிறுத்தம்: வாசல் (5 நிமிடம்)

ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா குடும்பத்தார் 1795-ல் எழுப்பிய கருங்கல் பள்ளி இது. நவாபின் அடக்கத்தலம் இங்கு இல்லை, திருச்சியில் உள்ளது. பலரும் இங்கே தேடுவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நிறுத்தம்: கல்வெட்டுக் கணக்கு (15 நிமிடம்)

தொழுபவர்களுக்கு இடையூறு இல்லாமல் முற்றத்தில் அமர்த்துங்கள். 'திக்ருல்லாஹி அக்பர்' என்பதை அரபியில் பெரிதாக எழுதிய தாள் கையில் இருக்கட்டும். 29:45 வசனத்தில் வரும் இச்சொற்களுக்குள் பள்ளி கட்டிய ஆண்டு இருக்கிறது. அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. அதுவே அப்ஜத் முறை. பிள்ளைகளையே கூட்டச் சொல்லுங்கள்.

திக்ர்: தால் 700, காஃப் 20, ரா 200. மொத்தம் 920.
அல்லாஹ்: அலிஃப் 1, லாம் 30, லாம் 30, ஹா 5. மொத்தம் 66.
அக்பர்: அலிஃப் 1, காஃப் 20, பா 2, ரா 200. மொத்தம் 223.

ஆகமொத்தம் 1209. அந்த ஹிஜ்ரி ஆண்டு 1794 ஜூலையில் தொடங்கி 1795 ஜூலையில் முடிந்தது.

யாருக்காவது 1208 வந்தால், 'அல்லாஹ்' என்பதன் அலிஃபை விட்டிருப்பார். சேர்த்து ஓதும்போது அது ஒலிக்காது. 1210 வந்தால், லாமுக்கு மேலுள்ள சிறு அலிஃபையும் எண்ணியிருப்பார். அப்ஜத்தில் ஓசைக்குக் கணக்கில்லை. வரியில் எழுதப்பட்ட எழுத்துகளுக்கே கணக்கு.

விடை வந்த பிறகு சொல்லுங்கள்: இந்த ஆண்டுச் சொல்லை அமைத்தவர் நவாபிடம் பணியாற்றிய பாரசீகக் கவிஞர் ராஜா மக்கன் லால். அவர் ஓர் இந்து. இதை முதலிலேயே சொன்னால் கணக்கில் கவனம் நிற்காது.

மூன்றாம் நிறுத்தம்: கப்றுகள் (10 நிமிடம்)

லக்னோ ஃபிரங்கி மஹல் மரபில் வந்த மௌலானா அப்துல் அலி பஹ்ருல் உலூம், நவாபின் அழைப்பில் சென்னை வந்தவர். 1810-ல் மறைந்து இங்கே அடங்கியிருக்கிறார். 1972-ல் மறைந்த காயிதே மில்லத் இஸ்மாயீல் சாஹிபும் இவ்வளாகத்தில்தான் அடங்கியுள்ளார். ஸலாம் சொல்லி, துஆ கேட்டு நகருங்கள். இங்கே புகைப்படத்துக்கு நிற்க வேண்டாம்.

நிறைவு: முற்றம் (5 நிமிடம்)

ரமளானில் இதே முற்றத்தில் நோன்பு திறக்க உணவு பரிமாறுவோரில், சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்த ஓர் இந்துப் பெரியவர் தொடங்கிய சூஃபிதார் அறக்கட்டளையினரும் பல ஆண்டுகளாக இருந்து வருகின்றனர். மக்கன் லாலைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.